மாவுக்கட்டுக்குள் விரல் மரத்துப்போனால்: எது இயல்பு, எது ஆபத்து?

குளியலறையில் வழுக்கி விழும் முதியவர்களும், விளையாட்டுத் திடலில் கையை ஊன்றி விழும் பிள்ளைகளும் பெரும்பாலும் மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டுதான் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள். கட்டுப் போட்டதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது என்று குடும்பம் நினைக்கும். ஆனால் முதல் மூன்று நாள்களில்தான் அந்தக் கட்டைக் கூர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது.

எலும்பு முறிந்த இடத்தில் இரத்தமும் நீரும் கசிந்து வீக்கம் ஏற்படும். அது இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தை எட்டி, பிறகு மெல்லத் தணியும். சதை வீங்கினாலும் மாவுக்கட்டு விரியாது. இதனால்தான் பல மருத்துவர்கள் முதலில் கையின் ஒரு பக்கத்தை மட்டும் தாங்கும் பாதிக் கட்டைப் போட்டு, வீக்கம் வடிந்த பிறகு முழுக் கட்டுக்கு மாற்றுகிறார்கள்.

ஆகவே, விரல்கள் சற்றுப் பருத்திருப்பதும், கையைத் தொங்கவிட்டால் விண்விண்ணென்று தெறிப்பதும் இந்த நாள்களில் இயல்பே. கையைத் தலையணைகளின் மேல், நெஞ்சுக்கு மேலான உயரத்தில் வைத்து, விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டினால் ஒரு மணி நேரத்திற்குள் தெறிப்பு குறைய வேண்டும். மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கட்டுப் போடும் முன்பே கழற்றிவிட வேண்டும். கழற்றினால் அபசகுனம் என்று திருமண மோதிரத்தை விட்டுவைப்போர் இன்னும் இருக்கிறார்கள். விரல் வீங்கிய பின் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆபத்து எப்படித் தொடங்குகிறது? முன்கைத் தசைகள் விரியாத உறைகளுக்குள் அடங்கியுள்ளன. உள்ளே வீக்கமும் வெளியே இறுக்கமான கட்டும் சேரும்போது அழுத்தம் ஏறி, தசைக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் இப்படியே நீடித்தால் தசையும் நரம்பும் மீளாத சேதம் அடையலாம். தசை இறந்து சுருங்கி, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் நிலையை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோன் வோல்க்மன் 1881ஆம் ஆண்டிலேயே விவரித்து, அதை இறுக்கமான கட்டுடன் தொடர்புபடுத்தினார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அறுபது வயது மாது ஒருவருக்கு நேற்று மாலை முழுக் கட்டுப் போடப்பட்டது. இன்று இரவு 10 மணிக்கு வலி கூடுகிறது. பாரசிட்டமோல் விழுங்கி, கையை உயர்த்தி வைக்கிறார். 11 மணிக்கு வலி குறையவில்லை, முன்பைவிடக் கடுமையாகியிருக்கிறது. மகள் அவருடைய விரலை மெதுவாக நிமிர்த்திப் பார்க்கும்போது, முன்கை முழுவதும் வலி பாய்ந்து அவர் அலறுகிறார். கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்திருக்கின்றன.

இங்கே விரலின் நிறத்தை மட்டும் நம்பி ஏமாறக்கூடாது. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புவது நல்ல அறிகுறிதான். ஆனால் தசைக்குள் அழுத்தம் ஏறிய பிறகும் பெரிய இரத்தக் குழாயில் ஓட்டம் இருக்கக்கூடும். விரல் இளஞ்சிவப்பாகவும் கதகதப்பாகவும் தோன்றலாம். வெளிறுவதும் குளிர்வதும் பெரும்பாலும் தாமதமாகவே தெரியும். மருந்துக்கும் அடங்காமல் ஏறும் வலியும், விரலை நிமிர்த்தினால் பாயும் வலியுமே முதல் எச்சரிக்கை.

அந்த மாது காலையில் பலதுறை மருந்தகம் திறக்கும்வரை காத்திருக்கக்கூடாது. அப்போதே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அழைத்துச் செல்ல ஆள் இல்லையென்றால் 995ஐ அழைக்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் உண்ணாமல் இருப்பது நல்லது. இந்தக் கட்டத்தில் கையை மேலும் உயர்த்தினால் தசைக்குப் போகும் இரத்தம் இன்னும் குறையும். நெஞ்சு மட்டத்தில் வைத்தால் போதும்.

மருத்துவமனையில் முதலில் கட்டைப் பிளப்பார்கள். மாவு மட்டுமன்றி அதன் கீழுள்ள பஞ்சும் தோல்வரை வெட்டப்பட வேண்டும், ஏனெனில் இரத்தம் ஊறி உலர்ந்த பஞ்சும் கையை இறுக்கும். வெட்டும் கருவி அதிர்ந்துதான் அறுக்கும். சுழலும் ரம்பம்போலத் தோலைக் கிழிக்காது. எலும்பு நகர்ந்துவிடுமே என்ற தயக்கம் இங்கே உதவாது. எலும்பை மறுபடி பொருத்தலாம். கட்டைப் பிளந்தும் வலி தணியாவிட்டால் தசை உறையை அறுவை சிகிச்சையால் திறந்துவிடுவார்கள்.

குழந்தைகளுக்கு விரல் மரத்திருப்பதைச் சொல்லத் தெரியாது. ஓயாத அழுகை, பதற்றம், வலி மருந்தை மீண்டும் மீண்டும் கேட்பது ஆகியவையே அவர்களிடம் தெரியும் அறிகுறி. எலும்பைப் பொருத்தும்போது மரப்பூசி போட்டிருந்தால் சில மணி நேரம் மரத்திருப்பது சாதாரணம். அது எப்போது தெளியும் என்பதையும், இரவில் எந்த எண்ணை அழைப்பது என்பதையும் வீடு திரும்பும் முன்பே தாதியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.