ஆறு நாள் வேலைக்கு ஒரு சாஃப்ட்வேர்

திருப்பூரில் நடுத்தர அளவில் ஒரு பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சப்ளையர்கள் பதிவேற்றிய பில்களின் பட்டியலான GSTR-2B மாதாமாதம் 14ஆம் தேதி வாக்கில் வரும். ஜிஎஸ்டி கணக்கை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இடையில் கிடைப்பது ஆறே நாள். அதற்குள் நூல்காரர், சாயப்பட்டறை, அட்டைப்பெட்டிக்காரர் என்று ஒவ்வொரு பில்லையும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டியலில் இல்லாத பில்லுக்குக் கட்டிய வரியை அந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது.

இந்த ஒப்பீட்டைச் செய்து தரும் சாஃப்ட்வேரை வாங்கச் சொல்லி கணக்காளர் முதலாளிக்கு எழுதுகிறார். முதல் வடிவில் இப்படி இருந்தது: மாதம் 60 மணி நேரம் மிச்சம், மணிக்கு 120 ரூபாய், ஆண்டுக்கு 86,400 ரூபாய் லாபம்.

முதலாளி படித்துவிட்டுக் கேட்டார்: "சரிங்க, இதுல யாரு சம்பளம் குறையுது?"

யாருடையதும் குறையாது. பெரும்பாலான கோரிக்கைகள் சறுக்கும் இடம் இதுதான். மிச்சமாகும் நேரம் நல்லதுதான். ஆனால் சம்பளம் அப்படியே போகும்வரை அது கையில் வரும் பணமாகாது. இரண்டையும் ஒரே கூட்டலில் சேர்த்தால், படிப்பவருக்கு மொத்தக் கணக்கின் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாம் முறை அவர் உண்மையில் வெளியே போகும் பணத்தைத் தேடினார். அந்த ஆறு நாளுக்கு மட்டும் வெளியாள் ஒருவர் வருகிறார், நாளுக்கு 1,000 ரூபாய். ஆண்டுக்கு 72,000. சப்ளையர் பதிவேற்றாததைக் காலம் கடந்து கவனித்ததால் போன ஆண்டு கைவிட்டுப்போன வரி 40,000. அதில் பாதியையாவது காப்பாற்றலாம் என்று 20,000 மட்டும் எழுதினார். ஆக, ஆண்டுக்கு 92,000.

செலவுப் பக்கம் கொட்டேஷனில் இருக்கும் தொகையோடு முடிவதில்லை. ஆண்டுச் சந்தா 60,000. முதல் ஆண்டில் பழைய பில்களை ஏற்ற 20,000, பயிற்சிக்கு 10,000. 18 சதவீத ஜிஎஸ்டியை வரவில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அதைச் செலவில் சேர்க்கவில்லை. முதல் இரண்டு மாதம் பழைய முறையும் கூடவே ஓடும். அதனால் வெளியாளுக்கு அப்போதும் கொடுக்கவேண்டிய 12,000 ரூபாயை வரவிலிருந்து குறைத்தார்.

மூன்று ஆண்டுக்குச் செலவு 2,10,000, வரவு 2,64,000. மிச்சம் 54,000.

அடுத்த வரியில்தான் அவருடைய நேர்மை தெரிகிறது: "எதிர்பார்த்த வரவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தால் நமக்கு நஷ்டம்." மறைத்திருந்தால், முதலாளி தானே பென்சிலால் போட்டுப் பார்த்திருப்பார். 60 மணி நேர மிச்சத்தைக் கணக்குக்கு வெளியே தனியாகக் குறித்து, அந்த நேரத்தில் பாக்கி வசூலைக் கவனிக்கலாம் என்றும் எழுதினார்.

வரவுக்கும் செலவுக்கும் இடைவெளி இவ்வளவு குறுகலாக இருந்ததால் ஆண்டுச் சந்தாவை அவர் உடனே கேட்கவில்லை. கடைசிப் பத்தியில் கேட்டது ஒரு மாதச் சோதனைக்கு அனுமதி மட்டும். ஏற்கெனவே கையால் ஒப்பிட்டு முடித்த ஒரு மாதத்தின் பில்களைச் சாஃப்ட்வேரில் போட்டு, அது எத்தனை பொருத்தங்களைத் தவறவிடுகிறது என்று எண்ணுவது. வெளியாள் இல்லாமலே 20ஆம் தேதிக்குள் முடியுமா என்பது அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.