வளைவரைக்குக் கீழே எந்தத் துண்டு?

ஓர் இயந்திரம் அரை லிட்டர் பால் பாக்கெட்டுகளை நிரப்புகிறது. எல்லாப் பாக்கெட்டிலும் சரியாக 500 மில்லி விழாது. ஒன்றில் 503, அடுத்ததில் 507, எப்போதாவது 498. பாக்கெட்டில் விழும் பாலின் சராசரி 505 மில்லி, திட்ட விலக்கம் 4 மில்லி, பரவல் இயல்நிலைப் பரவல் என்று கேள்வியில் கொடுத்திருக்கிறார்கள். 500 மில்லிக்கும் குறைவாக நிரம்பும் பாக்கெட்டுகள் எத்தனை சதவீதம்?

பிளஸ் டூ வணிகக் கணிதத்திலும் கல்லூரியின் முதல் புள்ளியியல் தாளிலும் அடிக்கடி தலைகாட்டும் கணக்கு இது. பாலுக்குப் பதில் பல்பின் ஆயுள் வரும், மாணவர்களின் மதிப்பெண் வரும், ஆட்களின் உயரம் வரும். உள்ளே இருக்கும் வேலை ஒன்றுதான்: ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், அட்டவணையில் ஓர் எண்ணைத் தேடுதல். இதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. மதிப்பெண் போவது அதற்கு அடுத்த அடியில். அட்டவணையில் கிடைத்த எண்ணை அப்படியே விடையாக எழுதுவதா, 0.5-லிருந்து கழிப்பதா, 0.5-உடன் கூட்டுவதா?

முதலில் கழித்தலையும் வகுத்தலையும் முடித்துவிடுவோம். ஒரு மதிப்பு சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பதுதான் அதன் z மதிப்பு.

z = (x − μ) / σ

இங்கே x என்பது 500, சராசரி μ 505, திட்ட விலக்கம் σ 4. ஆக z = (500 − 505) / 4 = −1.25. 500 மில்லி என்பது சராசரிக்கு ஒன்றேகால் திட்ட விலக்கம் இடப்பக்கம் இருக்கிறது. கழித்தல் குறி சொல்வது பக்கத்தை மட்டும்தான். கழிக்கும்போது வரிசையை மாற்றி 505 − 500 என்று போட்டுவிட்டால் பக்கமே மாறிவிடும். அதனால் x எப்போதும் முன்னால்.

எதற்காக z-க்கு மாற வேண்டும்? இயல்நிலை வளைவரைக்குக் கீழே உள்ள பரப்புதான் நிகழ்தகவு. ஆனால் அந்தப் பரப்பை நேரடியாகக் கணக்கிட எளிய சூத்திரம் கிடையாது. தோராயமாகக் கணக்கிட்டு அட்டவணையாகத்தான் வைக்க முடியும். கிறிஸ்டியன் கிராம்ப் 1799-இல் வெளியிட்ட இப்படியொரு அட்டவணை, விண்மீன் ஒளி காற்றில் வளைவதைக் கணக்கிடுவதற்காகப் போட்டது. பால் 505-ஐச் சுற்றிப் பரவும், உயரம் 165-ஐச் சுற்றிப் பரவும். ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை போட முடியாது. எல்லாவற்றையும் சராசரி 0, திட்ட விலக்கம் 1 என்று மாற்றிவிட்டால் ஒரே அட்டவணை போதும்.

அந்த அட்டவணையில் இடது ஓரத்தில் 1.2 என்ற வரிசையைப் பிடித்து, மேலே .05 என்ற நிரலுக்கு வந்தால் 0.3944 என்று இருக்கும். இப்போதுதான் படம் வரைய வேண்டும். மணி போல ஒரு வளைவரை, நடுவில் 505, அதன் இடப்பக்கம் 500. கேட்டிருப்பது 500-க்கும் குறைவு. எனவே 500-லிருந்து இடப்பக்கம் நீளும் வாலை நிழலிடுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலின் அட்டவணை தருவது நடுக்கோட்டிலிருந்து z வரைக்குமான பரப்பு. அதாவது 0.3944 என்பது 500-க்கும் 505-க்கும் இடைப்பட்ட துண்டு. நாம் நிழலிட்டது அதுவல்ல, அதற்கு வெளியே இருக்கும் வால். நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் மொத்தம் 0.5. எனவே 0.5 − 0.3944 = 0.1056. நூற்றுக்கு ஏறத்தாழ பத்தரைப் பாக்கெட். 2,000 பாக்கெட் நிரப்பினால் அதில் 211 பாக்கெட் குறையும் என எதிர்பார்க்கலாம்.

அட்டவணையில் −1.25 என்று தேடிக் கிடைக்கவில்லையே என்று தேர்வறையில் பதறுகிறவர்கள் உண்டு. வளைவரை இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் வலப்பக்கத்தை மட்டுமே அச்சிட்டிருக்கிறார்கள். −1.25-க்கும் 1.25-க்கும் பரப்பு ஒன்றே. பரப்புக்குக் கழித்தல் குறி வராது. விடைத்தாளில் −0.3944 என்று எழுதியிருந்தால் அங்கே ஏதோ தவறிவிட்டது.

வேறு நாட்டுப் புத்தகத்தையோ இணையத்தில் கிடைத்த அட்டவணையையோ வைத்துப் படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவற்றில் பல, இடது கோடியிலிருந்து z வரை உள்ள முழுப் பரப்பையும் தருபவை. அங்கே 1.25-க்கு நேராக 0.8944 இருக்கும். அதை 0.5-லிருந்து கழித்தால் விடை −0.3944, முழு அபத்தம். வேறு சில அட்டவணைகள் வலப்பக்க வாலை மட்டும் தரும், அவற்றில் 1.25-க்கு 0.1056 என்றே இருக்கும். கையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள முதல் எண்ணைப் பார்த்தால் போதும். z = 0.00-க்கு நேராக 0.0000 இருந்தால் நடுவிலிருந்து அளக்கும் அட்டவணை. 0.5000-இல் தொடங்கி எண்கள் ஏறிக்கொண்டே போனால் இடது கோடியிலிருந்து அளப்பது. 0.5000-இல் தொடங்கி இறங்கினால் வால் அட்டவணை.

இன்னின்ன கேள்விக்குக் கூட்டு, இன்னின்னதற்குக் கழி என்று விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லும் கைடுகள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அட்டவணை மாறினால் விதியும் மாறிவிடும், படம் மாறாது. அதே இயந்திரத்தில் 502-க்கும் 511-க்கும் இடையில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் z மதிப்புகள் −0.75, 1.5. படத்தில் ஒன்று நடுக்கோட்டுக்கு இடது, மற்றது வலது. நடுவிலிருந்து இரு பக்கமும் போகும் இரண்டு துண்டுகள், எனவே கூட்டல்: 0.2734 + 0.4332 = 0.7066. 509-க்கும் 513-க்கும் இடையில் என்றால் z மதிப்புகள் 1, 2. இரண்டும் ஒரே பக்கம். பெரிய துண்டிலிருந்து சின்னத் துண்டை வெட்டியெடுக்க வேண்டும்: 0.4772 − 0.3413 = 0.1359. பரப்புகளைத்தான் கழிக்க வேண்டும். z-களை முதலில் கழித்து, 2 − 1 = 1 என்று அட்டவணைக்குப் போனால் 0.3413 கிடைக்கும், அது வேறொரு துண்டு. நிழலிட்ட படம் பக்கத்தில் இருந்தால் வால் பக்கத்து ஒல்லித் துண்டுக்கு மூன்றில் ஒரு பங்கா என்று கண்ணே கேட்டுவிடும்.

"500-க்குக் குறைவு" என்பதற்கும் "500 அல்லது அதற்குக் குறைவு" என்பதற்கும் இங்கே வித்தியாசம் இல்லை. தொடர்ச்சியான பரவலில் ஒற்றைப் புள்ளிக்குப் பரப்பு கிடையாது.

இனி தலைகீழ்க் கணக்கு. குறையும் பாக்கெட்டுகள் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று நிர்வாகம் சொல்கிறது. திட்ட விலக்கம் 4 மில்லியாகவே இருக்கும். இயந்திரத்தின் சராசரியை எங்கே வைக்க வேண்டும்? இங்கே பரப்பு தெரியும், z தெரியாது. இடது வால் 0.01 என்றால் நடுவிலிருந்து வாலின் தொடக்கம் வரை 0.49. இப்போது அட்டவணையின் ஓரத்தில் அல்ல, உள்ளே 0.4900-ஐத் தேட வேண்டும். 2.32-க்கு 0.4898, 2.33-க்கு 0.4901. நெருங்கியது 2.33. வால் இடப்பக்கம் என்பதால் z = −2.33. அட்டவணை குறியைச் சொல்லாது, படம்தான் சொல்லும். (500 − μ) / 4 = −2.33 என்று வைத்தால் μ = 500 + 9.32 = 509.32 மில்லி. குறியை விட்டுவிட்டால் 490.68 என்று வரும். நூற்றுக்கு ஒன்று குறைவதற்குப் பதிலாக நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது குறையும்!

இந்தத் தலைகீழ்க் கணக்கில் 0.01-ஐயே z என்று நினைத்து ஓரத்தில் தேடுவது இன்னொரு வழக்கமான பிழை. ஓரத்தில் இருப்பவை தூரங்கள், உள்ளே இருப்பவை பரப்புகள்.

கேள்வியின் வாசகத்திலும் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, N(505, 16) என்று கொடுத்திருந்தால் 16 என்பது விலக்க வர்க்கச் சராசரி. வர்க்கமூலம் எடுத்து 4 ஆக்கிய பிறகே வகுக்க வேண்டும். மற்றது, "16 பாக்கெட்டுகளின் சராசரி 503-க்குக் குறைவாக இருக்க நிகழ்தகவு என்ன" என்ற கேள்வி. ஒரு பாக்கெட் 503-க்குக் கீழே போவது சாதாரணம்: z = −0.5, நிகழ்தகவு 0.3085. ஆனால் பதினாறு பாக்கெட்டின் சராசரி அவ்வளவு ஆடாது, ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகை ஈடுகட்டிவிடும். அதன் திட்ட விலக்கம் 4-ஐ 16-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 1. எனவே z = (503 − 505) / 1 = −2, நிகழ்தகவு 0.5 − 0.4772 = 0.0228. கேள்வியில் "சராசரி" என்ற சொல் எதன் சராசரி என்று பார்க்காமல் 4-ஆல் வகுத்தவர் பதின்மூன்று மடங்குக்கு மேல் பெரிய விடை எழுதியிருப்பார்.

வீட்டில் விடையைச் சரிபார்க்க எக்செலில் இதைத் தட்டலாம்:

```
=NORM.DIST(500,505,4,TRUE)
```

0.1056-ஐ ஒட்டிய எண் வரும். எக்செல் தருவதும் இடது கோடியிலிருந்து அளக்கும் பரப்புதான்.

கடைசியாக, கேள்வியில் "இயல்நிலைப் பரவல்" என்ற சொல் இல்லாமல் சராசரியும் திட்ட விலக்கமும் மட்டும் இருந்தால்? z மதிப்பை எந்தத் தரவுக்கும் கணக்கிடலாம், அதில் தப்பில்லை. அட்டவணைக்குப் போவதுதான் தப்பு. ஓர் ஊரில் மாத வருமானத்தின் சராசரி 30,000 ரூபாய், திட்ட விலக்கம் 25,000 ரூபாய் என்று வையுங்கள். அட்டவணையை நம்பி, பூஜ்யத்துக்கும் குறைவாகச் சம்பாதிப்பவர்கள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். z = −1.2, பரப்பு 0.1151. ஊரில் நூற்றுக்கு பதினொரு பேர் கழித்தல் குறியோடு சம்பளம் வாங்குகிறார்கள் என்று விடை வருகிறது. வருமானம் சிலரிடம் மட்டும் மிகப் பெரிதாக இருந்து வலப்பக்கம் நீண்ட வால் விடும் தரவு, மணி வடிவத்துக்குள் அடங்காது. குறையவே முடியாத ஓர் எல்லை சராசரிக்கு இரண்டு திட்ட விலக்கத்துக்குள்ளேயே இருந்தால், அந்தத் தரவை இயல்நிலை அட்டவணையோடு சேர்க்கும் முன் யோசிக்க வேண்டும். நம் பால் இயந்திரத்தில் பூஜ்யம் மில்லி என்பது சராசரிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது. அங்கே இந்தத் தொல்லை கிடையாது.