பள்ளிப் பையில் சுவிங்கம் ஒட்டிவிட்டதா? இஸ்திரிப் பெட்டியை எடுக்காதீர்கள்

பள்ளிப் பேருந்தின் இருக்கையில் யாரோ ஒட்டிவைத்துப் போன சுவிங்கம், நம் பிள்ளையின் பையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறது. பார்த்ததும் நகத்தால் சுரண்டுவோம். அது நூலாக இழுபட்டு இன்னும் பரவும். அடுத்து யாராவது ஒருவர், பழுப்புத் தாளை மேலே வைத்து இஸ்திரி போட்டால் தாளோடு வந்துவிடும் என்பார். பாட்டி காலத்துப் பருத்திச் சட்டைக்கு அது ஓரளவு சரி. இன்றைய பாலியஸ்டர் பைக்கு அதுவே கேடு.

ஏன் என்று தெரிந்துகொள்ள, பையைத் திறந்து துணியின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் நெய்த துணியாக இருக்கும். உள்பக்கமோ வழவழவென்று, லேசாகப் பிளாஸ்டிக் போல இருக்கும். மழைநீர் உள்ளே போகாமலிருக்க நெசவின் பின்னால் பூசிய மெல்லிய பூச்சு அது. பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பொருள். சூடு பட்டால் இந்தப் பூச்சு இளகிச் சுருங்கும், பிறகு தூள் தூளாக உரியும். பாலியஸ்டர் இழையும் பருத்திக்கு வைக்கும் சூட்டைத் தாங்காமல் பளபளவென்று தேய்ந்த தழும்பாகிவிடும். கறை போய்விடலாம், ஆனால் அடுத்த மழையில் புத்தகங்கள் நனையும்.

சுவிங்கமும் சூட்டில் இளகி இழைகளுக்கு நடுவே இறங்கும். காசு போட்டு இயக்கும் டோபிக் கடையின் உலர்த்தியில் பையைப் போடக் கூடாது என்பதும் இதனால்தான். ஒரு கட்டியாக இருந்தது அங்கே பத்து இடத்துக்குப் பரவிவிடும், கூடவே போட்ட துணிகளிலும் ஒட்டிக்கொள்ளும்.

சுவிங்கத்தின் அடிப்பொருள் ரப்பர் போன்றது. வாயில் எவ்வளவு மென்றாலும் அது கரைவதில்லையே, சர்க்கரையும் வாசனையும்தானே கரைகின்றன? அதனால் தண்ணீரும் சோப்பும் மட்டும் அதை அசைக்கா. ஆனால் குளிரில் அது விறைத்து, கண்ணாடி போல உடையக்கூடியதாகிவிடும். எண்ணெய்ப் பசையில் இளகும். முதலில் குளிர், பிறகு எண்ணெய் என்ற வரிசையை மாற்றாமலிருந்தால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

என் அக்கா மகனின் பையில் செய்ததைச் சொல்கிறேன். நான்காம் ஆண்டு மாணவன், நீல நிறப் பாலியஸ்டர் பை. முதுகில் படும் பகுதியில் 50 சென் நாணயம் அளவுக்குச் சாம்பல் நிறக் கட்டி. பையைக் காலி செய்து, கட்டி வெளியே தெரியும்படி மடித்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பிரீசரில் 2 மணி நேரம் விட்டோம். பிளாஸ்டிக் பை எதற்கென்றால், கட்டி பிரீசரின் சுவரில் ஒட்டாமலிருக்கவும், மீன் வாடை பையில் ஏறாமலிருக்கவும்தான்.

பிரீசரில் இடமில்லாதவர்கள் ஐஸ் கட்டிகளுடன் ஒரு கைப்பிடி உப்பைச் சேர்த்து, தடித்த பிளாஸ்டிக் உறையில் கட்டி, சுவிங்கத்தின் மேல் 20 நிமிடம் வைக்கலாம். உப்பு சேர்ந்தால் குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். வெறும் ஐஸ் நம் ஊர் வெயிலில் அரைகுறையாகவே வேலை செய்யும்.

விறைத்துவிட்டதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் நேரம் வேண்டும். கரண்டிக் காம்பால் தட்டும்போது கல்லைத் தட்டியது போலக் கேட்டால் தயார். பைக்குள் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, துணி தொய்யாமல் பிடித்துக்கொண்டு, காம்பால் தட்டிக் கட்டியை முதலில் விரிசல் விடச் செய்யுங்கள். பிறகு காலாவதியான வங்கி அட்டையின் ஓரத்தால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுரண்டுங்கள். கத்தி வேண்டாம், நெசவில் ஒரு இழை அறுந்தாலும் அங்கிருந்து பிரிய ஆரம்பிக்கும்.

இந்த வேலைக்கு நமக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடங்கள்தான். 30 பாகைக்கு மேல் வெப்பம் உள்ள அறையில் சுவிங்கம் சீக்கிரமே இளகிவிடும். சுரண்டும்போது மெல்லிய நூல் இழுபட்டால் அங்கேயே நிறுத்தி மறுபடி பிரீசரில் வைக்க வேண்டும். அக்கா மகனின் பைக்கு இரண்டு சுற்று தேவைப்பட்டது. முதல் சுற்றில் முக்கால்வாசி சில்லுகளாக உதிர்ந்தது.

கடைசியில் நெசவின் பள்ளங்களில் வெண்சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மிஞ்சும். அதற்குத்தான் எண்ணெய். யூகலிப்டஸ் தைலம் நல்லது. சமையல் எண்ணெயும் பிசினை இளக்கும், ஆனால் மெதுவாக. கறையும் அதிகம் விடும். முதலில் பையின் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்து, சாயமோ பூச்சோ மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் பஞ்சில் நான்கைந்து சொட்டு நனைத்து, வெளிப்பக்கமாக மட்டும் ஒற்றுங்கள். ஊற்றினால் உள்பூச்சு வரை இறங்கிவிடும். 5 நிமிடம் கழித்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பிசின் சிறு உருண்டைகளாகத் திரண்டு வரும். அவற்றைத் தாளால் எடுத்துவிடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம், தைலப் புட்டியைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தின்னர், மண்ணெண்ணெய், நகப்பூச்சு நீக்கி மூன்றும் வேண்டாம்; பூச்சையும் பையில் அச்சடித்த படங்களையும் கெடுக்கக்கூடியவை.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். பாலியஸ்டர் இழைக்குத் தண்ணீரைவிட எண்ணெயோடு உறவு அதிகம். எண்ணெய் பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் அங்கேயே தங்கிவிடும். எனவே துணி காய்ந்திருக்கும்போதே பாத்திரம் கழுவும் திரவ சோப்பை நேராக அதன் மேல் விட்டுத் தேய்த்து, 10 நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். நிழலில் காயப்போடுங்கள்.

முழுவதும் போய்விட்டதா என்பது அன்றைக்கே தெரியாது. இரண்டு மூன்று நாளில் அந்த இடம் மட்டும் கறுத்துத் தூசி படிந்தால் பசை மிச்சம் இருக்கிறது என்று பொருள். தைலத்தையும் சோப்பையும் இன்னொரு முறை அதே வரிசையில் செய்யலாம்.

வரவேற்பறையின் நெய்த கம்பளத்துக்கும் முறை இதுவே, ஆனால் கம்பளத்தைப் பிரீசரில் வைக்க முடியாது. உப்பு ஐஸ் உறைதான் வழி. ஐஸ் நீர் கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில கம்பளங்களின் அடியில் சணல் இருக்கும். அது நனைந்தால் பழுப்புக் கறை மேலே ஏறும். சுவிங்கத்தை இழுக்கவே கூடாது, இழையும் கூடவே பிடுங்கி வரும். விறைத்த பிறகு மொட்டைக் கரண்டியால் இழையின் நுனிப்பக்கம் தட்டி உடையுங்கள். விழும் சில்லுகளை இளகும் முன்பே வேக்கும் கிளீனரால் உறிஞ்சுங்கள், இல்லையென்றால் அவை கால் பட்டு வேறிடத்தில் ஒட்டும். தைலம் இழையின் மேல் மட்டும் படட்டும். அடியில் பசையால் ஒட்டிய கம்பளமாக இருந்தால், தைலம் ஆழமாக இறங்கி அந்தப் பசையையும் இளக்கக்கூடும். கையால் முடிச்சுப் போட்ட கம்பளி அல்லது பட்டுக் கம்பளம் என்றால் தைலத்தைத் தொடாமல், கம்பளம் சுத்தம் செய்பவரிடம் கொடுத்துவிடுவது மேல். சுவிங்கம் எத்தனை நாளாக ஒட்டியிருக்கிறது, அதில் ஏற்கெனவே என்னென்ன தடவினீர்கள் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.