அறை ஏன் சுற்றுகிறது? தலைசுற்றலும் கிறுகிறுப்பும்

"தலை சுத்துது" என்று சொல்லாத வீடு நம் தெருக்களில் இருக்காது. பித்தம் என்று ஒருவர் இஞ்சிச்சாறு கொடுப்பார். ரத்தம் குறைந்துவிட்டது என்று ஒருவர் பேரீச்சம்பழம் கொடுப்பார். பிரஷர் ஏறிவிட்டது என்று பயந்து, நேற்று விட்ட மாத்திரையையும் சேர்த்து இன்று போடுவோரும் உண்டு. இந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருப்பதுதான் சிக்கல். இரண்டுக்கும் காரணமும் வேறு, சிகிச்சையும் வேறு. அவற்றைப் பிரித்து அறியும் வழியையும், அதிகம் காணப்படும் ஒரு வகைத் தலைசுற்றல் எப்படி உண்டாகிறது, எப்படித் தீர்கிறது என்பதையும் இங்கே பார்ப்போம்.

சுற்றுவது எது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "கண் இருட்டிக்கொண்டு விழுந்துவிடுவோம் போல இருக்கிறதா, அல்லது சுவரும் மின்விசிறியும் கட்டிலும் உண்மையிலேயே சுழல்வது போலத் தெரிகிறதா?"

முதல் வகையைக் கிறுகிறுப்பு என்போம். உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழும்போது ரத்தம் கால்களில் தங்கி, மூளைக்குப் போவது சில விநாடிகள் குறைந்துவிடும். தண்ணீர் போதாமல் இருப்பது, பிரஷர் மாத்திரை, சோகை, சர்க்கரை இறங்கிப்போவது ஆகியவை இதன் வழக்கமான காரணங்கள். நோன்பு நாட்களில் அஸருக்குப் பிறகு வருவது பெரும்பாலும் இந்த வகைதான். படுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் பிரஷரை அளந்து பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் காரணம் தெரிந்துவிடும்.

இரண்டாவது வகை வெர்டிகோ எனப்படும் சுழல் தலைசுற்றல். இது பெரும்பாலும் காதிலிருந்து வருவது. படுத்தால் சரியாகும் என்று சொல்ல முடியாது. சிலருக்குப் படுக்கும் அந்த நொடியில்தான் ஆரம்பிக்கும்.

காதுக்குள் இருக்கும் ரசமட்டம்

காது கேட்பதற்கு மட்டும் படைக்கப்பட்டதல்ல. செவிப்பறைக்கும் உள்ளே, எலும்புக்குள் புதைந்த உட்காதில், உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் இருக்கிறது. கொத்தனார் சுவரின் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ரசமட்டத்தைப் போல, இதுவும் திரவத்தைக் கொண்டுதான் வேலை செய்கிறது.

ஒவ்வொரு காதிலும் வளையம் போல வளைந்த மூன்று மெல்லிய குழாய்கள் உள்ளன. அரைவட்டக் குழாய்கள் என்பது இவற்றின் பெயர். ஒன்று தலையை இடவலமாகத் திருப்புவதை அறியும். மற்ற இரண்டும் குனிவது, நிமிர்வது, தோள்பக்கம் சாய்ப்பது ஆகியவற்றை அறியும். குழாய்க்குள் திரவமும், அதன் ஒரு முனையில் ஜெல்லி போன்ற சிறு தடுப்பும் இருக்கும். தலையைத் திருப்பும்போது குழாய் உடனே திரும்பிவிடும். உள்ளே உள்ள திரவம் கொஞ்சம் பின்தங்கும். பின்தங்கிய திரவம் தடுப்பைத் தள்ள, அதில் பதிந்திருக்கும் நுண்ணிய மயிரிழைகள் வளைந்து, "தலை திரும்புகிறது" என்ற செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகும்.

சிறு வயதில் தட்டாமாலை சுற்றியது நினைவிருக்கும். சுற்றி நின்ற பிறகும் தெரு சுற்றிக்கொண்டே இருக்கும். உடல் நின்றுவிட்டாலும் காதுத் திரவம் உடனே நிற்காததுதான் காரணம். கலக்கிய கரண்டியை எடுத்த பிறகும் பாத்திரத்தில் தேநீர் சுழல்வதைப் போன்றது அது.

குழாய்களுக்குப் பக்கத்தில் இரண்டு சிறு பைகளும் உண்டு. அவற்றின் உள்ளே கால்சியம் கார்பனேட் துகள்கள் பசை போன்ற படலத்தில் ஒட்டியிருக்கும். ஒரு துகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அளவுதான். அவற்றின் எடையை வைத்துத்தான் மேல் எது, கீழ் எது என்று மூளை அறிகிறது.

அறை சுழல்வது கண்ணால்

நடந்துகொண்டே கடைப் பலகையை நம்மால் படிக்க முடிகிறது. தலை வலப்பக்கம் திரும்பினால், காதின் செய்தியைக் கேட்டுக் கண் அதே அளவு இடப்பக்கம் நகர்ந்து, பார்வையை அசையாமல் பிடித்துக்கொள்வதால்தான் அது முடிகிறது. இது நம்மை அறியாமலே நடக்கிறது.

இப்போது தலை அசையாதபோதே ஒரு காது "திரும்புகிறது" என்று பொய்ச் செய்தி அனுப்பினால் என்ன ஆகும்? கண் அதை நம்பி ஒரு பக்கம் மெல்ல நகரும், பிறகு வெடுக்கென்று திரும்பி வரும், மறுபடியும் நகரும். பார்வையில் விழும் காட்சியும் அதற்கேற்ப வழுக்கிக்கொண்டே போகும். தலை அசையவில்லை என்று உடல் சொல்வதால், அறைதான் ஓடுகிறது என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. சுற்றல் வரும்போது பக்கத்தில் இருப்பவர் நோயாளியின் கண்ணைப் பார்த்தால் கருவிழி துடிப்பது தெரியும். மூளைக்கு ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் வருவதால்தான் குமட்டலும் வாந்தியும் சேர்ந்துகொள்கின்றன.

இடம் மாறிய துகள்கள்

58 வயதுத் தாய் ஒருவரின் நிலையை எடுத்துக்கொள்வோம். சுபுஹுக்கு எழும்போது கட்டிலோடு அறையே கவிழ்வது போலிருக்கும். படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலும், பரணை நிமிர்ந்து பார்த்தாலும், சஜ்தாவுக்குத் தலை தாழ்த்தினாலும் அதுவே. தலையை அசைக்காமல் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். காது நன்றாகக் கேட்கிறது. பிரஷர், சர்க்கரை, தலை ஸ்கேன் எல்லாம் சரியாகவே இருந்தன. எட்டு மாதம் தலைசுற்றல் மாத்திரை போட்டும் தீரவில்லை. விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் நாற்காலியில் அமர்ந்து தொழவும், வெளியே போவதை நிறுத்தவும் தொடங்கினார்.

பைகளில் ஒட்டியிருக்க வேண்டிய துகள்கள் உதிர்ந்து, பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். 50 வயதைக் கடந்த பெண்களுக்கு அதிகமாக வரும். தலையில் அடிபட்டாலோ நீண்ட நாள் படுக்கையில் கிடந்தாலோ மற்றவர்களுக்கும் வரலாம். பெரும்பாலும் துகள்கள் போய் விழுவது பின்பக்கக் குழாயில். தலை சாயும்போது அவை குழாயின் தாழ்ந்த பக்கம் உருண்டு, திரவத்தையும் தம்மோடு இழுக்கின்றன. அசையாத தலை சுழல்வதாகப் பொய்ச் செய்தி அப்போதுதான் போகிறது. அவை உருளத் தொடங்கச் சில விநாடி ஆவதால் சுற்றலும் சற்றுத் தாமதித்தே வரும். அடியில் போய்ப் படிந்ததும் அடங்கும். எழுந்தால் துகள்கள் எதிர்ப்பக்கம் உருளும். அறையும் எதிர்ப்பக்கம் சுழலும்.

மாத்திரை ஏன் தீர்க்கவில்லை என்பதும் இதிலேயே புரியும். மாத்திரை குமட்டலை அடக்கலாமே தவிர, துகளை நகர்த்தாது. புரோகுளோர்பெரசின் போன்ற மாத்திரைகளை முதியவர்கள் மாதக்கணக்கில் போட்டுவந்தால் கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வரக்கூடும். இந்தத் துகள்கள் ஸ்கேனிலும் தெரியாது.

கட்டிலில் ஐந்து நிமிடம்

காது மூக்கு தொண்டை மருத்துவர் அந்தத் தாயைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கியது. சில விநாடியில் சுற்றல் வந்தது, கருவிழி துடித்தது. இடப்பக்கம் அதே போலச் செய்தபோது ஒன்றும் வரவில்லை. வலக் காதுதான் என்பது உறுதியாயிற்று. 1952-ல் இந்தச் சோதனையை விவரித்த இருவரின் பெயரால் இது டிக்ஸ்-ஹால்பைக் சோதனை எனப்படுகிறது.

சிகிச்சை அங்கிருந்தே தொடங்கியது. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறை இது. குழாயின் வளைவு வழியாகத் துகள்களைப் படிப்படியாக உருட்டி, புறப்பட்ட பைக்கே திருப்பி அனுப்புவதுதான் நோக்கம். வலக் காதுக்கான வரிசை இது:

1. தலை வலப்பக்கம் திரும்பித் தொங்கிய நிலையிலேயே, சுற்றல் அடங்கும் வரையும் அதன் பிறகு அரை நிமிடமும் இருக்க வேண்டும்.
2. தலையைத் தூக்காமல், இடப்பக்கமாக 90 பாகை திருப்பி, மறுபடியும் அதே அளவு காத்திருக்க வேண்டும்.
3. உடலை இடப்பக்கமாக ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி தலையை மேலும் 90 பாகை திருப்பிக் காத்திருக்க வேண்டும்.
4. தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தியபடி, அந்தப் பக்கமாகவே மெல்ல எழுந்து உட்கார வேண்டும்.

நடுவில் சுற்றல் வந்தால் பயப்பட வேண்டாம். துகள்கள் நகர்வதன் அறிகுறி அது. பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று முறைக்குள் தீர்ந்துவிடும். அந்தத் தாய்க்கு இரண்டாவது முறையில் சுழல் நின்றது. பஞ்சில் நடப்பது போன்ற தடுமாற்றம் மட்டும் சில நாள் இருந்து மறைந்தது. அதன் பிறகு சஜ்தாவுக்குத் திரும்பினார். நோயாளிக்கு உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு; சுற்றல் உள்ள நாட்களில் அதைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. ஆனால் இந்த நோய்க்காக ஆயுள் முழுதும் நாற்காலியில் தங்கிவிட வேண்டியதில்லை.

முதல் முறை மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்தால் பலன் இராது. கழுத்து எலும்புத் தேய்மானம், முதுகெலும்புக் கோளாறு, விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள் வீட்டில் செய்யவே கூடாது. சிலருக்குச் சில மாதமோ வருடமோ கழித்துத் திரும்பவும் வரலாம். அப்போதும் இதே முறை பலன் தரும்.

எது காதுத் துகள் அல்ல?

தலையை அசைக்காமல் இருந்தும் மணிக்கணக்கில் சுழன்றுகொண்டே இருந்தால் அது துகள் நோய் அல்ல. காது இரைச்சலும் அடைப்பும் கேள்விக் குறைவும் சேர்ந்து வந்தால் உட்காதில் வேறு நோய் இருக்கலாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சுற்றலோடு பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் மரத்துப்போவது, இதுவரை இல்லாத கடும் தலைவலி, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். இஞ்சிச்சாறு கொடுத்து, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சிகிச்சை தரலாம் என்பதை அந்த நேரத்தை வைத்தே முடிவு செய்வார்கள்.

மற்றபடி மருத்துவரிடம் போகும்போது "தலை சுத்துது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அறை சுழல்கிறதா, கண் இருட்டுகிறதா. எந்த அசைவில் வருகிறது. எவ்வளவு நேரம் நீடிக்கிறது. காது எப்படிக் கேட்கிறது என்ற நான்கையும் சொல்லுங்கள். முடிந்தால், சுற்றல் வரும் நேரத்தில் கண்களை மொபைலில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.