அறுபதாம் எண்ணில் ஒளிந்திருக்கும் இல்லாத நாள்

எக்செலைத் திறங்கள். ஏதாவது ஒரு செல்லில் 60 என்று அடியுங்கள். அடித்ததும் அந்தச் செல்லின் வடிவத்தைத் தேதியாக மாற்றுங்கள். என்ன வருகிறது? 1900 பிப்ரவரி 29!

நாம் பயன்படுத்தும் கிரெகரி நாட்காட்டியைப் புரட்டினால் அந்த நாள் கிடைக்காது. நான்கால் வகுபடும் ஆண்டுக்குத்தான் லீப் நாள் உண்டு. ஆனால் நூறால் வகுபடும் ஆண்டு 400ஆலும் வகுபட்டால் மட்டுமே அதற்கு அந்த உரிமை. 2000க்கு உண்டு, 1900க்குக் கிடையாது. அப்படியிருந்தும் கோடிக்கணக்கான கணினிகளில் இந்த இல்லாத நாள் இன்றும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்!

அதை யார் வைத்தார்கள் என்று தேடிக் கிளம்பினால், யூனிக்ஸ் ஏன் 1970இலிருந்து எண்ணுகிறது, விண்டோஸ் ஏன் 1601க்குப் போனது என்பதெல்லாம் ஒரே கயிற்றில் வந்துவிடும். வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம்.

எல்லாமே வெறும் எண்தான்

நமக்குத் தேதியாகத் தெரிவது கணினிக்குள் ஓர் எண். ஒரு தொடக்கப் புள்ளியை வைத்துக்கொண்டு, அங்கிருந்து இத்தனை நாள் அல்லது இத்தனை விநாடி என்று எண்ணுவார்கள். அந்தத் தொடக்கப் புள்ளிக்கு எபோக் என்று பெயர். எக்செலில் 1900 ஜனவரி 1 என்பது எண் 1. அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் 2025 ஜனவரி 1 என்பது 45658. அன்று நண்பகல் வேண்டுமா? 45658.5. அவ்வளவுதான்! இரண்டு தேதிகளுக்கு இடையில் எத்தனை நாள் என்பது சாதாரணக் கழித்தல் கணக்காகிவிடுகிறது.

தொடக்கப் புள்ளியை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர்கள் எல்லோரையும் படுத்திய கேள்விகள் இரண்டு. எண்ணை வைக்க எத்தனை பிட் செலவழிக்கலாம்? லீப் வருட விதியை எப்படிச் சமாளிப்பது? இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு எபோக்கும் தன் கதையைத் தானே சொல்லிவிடும்.

லோட்டஸ் விட்டுச்சென்ற நாள்

அந்தப் பொய் நாள் மைக்ரோசாஃப்டின் கைவேலை அல்ல. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருளிலிருந்து வந்தது அது. 1900ஐ லீப் வருடம் என்று லோட்டஸ் எடுத்துக்கொண்டது. இதில் ஓர் அழகான வசதி இருக்கிறது. ஓர் எண் நான்கால் வகுபடுகிறதா என்று பார்க்கக் கணினி வகுக்கவே வேண்டாம். இருமத்தில் அதன் கடைசி இரண்டு பிட்டுகள் பூஜ்யமா என்று பார்த்தால் போதும். 1900 முதல் 2099 வரை இந்தக் குறுக்குவழி எத்தனை முறை தவறும் தெரியுமா? ஒரே ஒரு முறை. 1900இல்!

பிறகு எக்செல் வந்தது. லோட்டஸ் கோப்புகளைத் திறந்தால் தேதிகள் ஒரு நாள்கூடப் பிசகாமல் வர வேண்டும். அதற்காகப் பொய் நாளையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது மைக்ரோசாஃப்ட். இப்போது திருத்தினால் 1900 மார்ச் 1க்குப் பிந்தைய எல்லாத் தேதிகளும் ஒரு நாள் நகரும், உலகத்தின் கணக்கேடுகள் கலைந்துபோகும். அதனால் அது அப்படியே இருக்கும் என்று அவர்களே ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதன் தடயத்தை நீங்களே பிடிக்கலாம். ஒரு செல்லில் இதை அடியுங்கள்:

```
=WEEKDAY(1)
```

விடை 1, அதாவது ஞாயிற்றுக்கிழமை. ஆனால் 1900 ஜனவரி 1 உண்மையில் திங்கட்கிழமை! இன்றைய கிழமை சரியாக வர வேண்டும், நடுவில் ஒரு பொய் நாளும் இருக்கிறது. ஆகவே அதற்கு முந்தைய இரண்டு மாதங்களின் கிழமைகள் எல்லாம் ஒன்று பின்னால் தள்ளப்பட்டுவிட்டன.

எக்செலுக்கு மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவில் இதைச் சரிசெய்த விதம் இன்னும் அருமை. அங்கே பொய் நாள் கிடையாது. ஆனால் எண்கள் எக்செலோடு ஒத்துப்போக வேண்டுமே! தொடக்கத்தையே ஒரு நாள் பின்னுக்கு இழுத்து, பூஜ்யத்தை 1899 டிசம்பர் 30இல் வைத்துவிட்டார்கள். 1900 மார்ச் 1 வந்ததும் இரண்டும் 61 என்ற எண்ணில் கைகோத்துக்கொள்கின்றன. கூகுள் ஷீட்ஸும் இதே டிசம்பர் 30ஐத்தான் பூஜ்யமாக வைத்திருக்கிறது.

ஆப்பிளின் மெக்கின்டாஷ் இந்த வம்பே வேண்டாம் என்று 1900ஐத் தாண்டிக் குதித்தது. அதன் தொடக்கம் 1904 ஜனவரி 1. அங்கிருந்து எண்ணினால் நான்கால் வகுக்கும் எளிய விதி 2099 வரை ஒரு முறைகூடத் தவறாது. மேக் எக்செலும் இதையே பின்பற்றியது. 2011 பதிப்பிலிருந்துதான் 1900 முறை இயல்பாக வந்தது. இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் 1462 நாள். பழைய மேக் கோப்பிலிருந்து ஒட்டிய தேதிகள் சரியாக நான்கு ஆண்டும் ஒரு நாளும் பிசகி நின்றால் காரணம் இதுதான். 1462ஐக் கூட்டினால் வேலை முடிந்தது.

மின்சாரம் துடித்த வேகத்தில் யூனிக்ஸ்

இப்போது பெல் ஆய்வகத்துக்கு வாருங்கள். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1971 நவம்பரில் வெளியான முதல் கையேட்டைப் பிரித்தால் தொடக்கப் புள்ளி 1970 அல்ல, 1971 ஜனவரி 1! எண்ணுவதும் விநாடியாக அல்ல, விநாடியில் அறுபதில் ஒரு பங்காக. ஏன் அறுபது? அமெரிக்காவின் மின்சாரம் விநாடிக்கு அறுபது முறை துடிக்கிறது. கணினியின் கடிகாரமும் அந்தத் துடிப்பையே பிடித்து ஓடியது.

எண்ணை வைக்க 32 பிட்தான். விநாடிக்கு அறுபது வீதம் எண்ணினால் இரண்டேகால் ஆண்டுக்குச் சற்று மேலே எண் நிரம்பி வழிந்துவிடும். அதே கையேட்டின் பிழைகள் பகுதியிலேயே இந்தக் குறை பதிவாகியிருக்கிறது. இரண்டரை ஆண்டுதான் தாங்கும் என்று அங்கே சற்றுத் தாராளமாக எழுதியிருந்தார்கள். ஆகவே 1973 வாக்கில் அலகை முழு விநாடியாக மாற்றினார்கள். ஆயுள் ஒரேயடியாக அறுபது மடங்கு கூடியது. தொடக்கமும் 1970 ஜனவரி 1 என்ற நாளில் வந்து அமர்ந்தது. அங்கிருந்து பின்னால் 68 ஆண்டு, முன்னால் 68 ஆண்டு என்று எண்ண முடிந்தது.

2025 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவை யூனிக்ஸில் கேட்டால் 1735689600 என்று சொல்லும். இதை எக்செல் தேதியாக்க ஒரு வரி போதும்:

```
=A1/86400+25569
```

விநாடியை ஒரு நாளின் 86400ஆல் வகுத்தால் 20089 நாள். அதோடு 25569ஐக் கூட்டினால் 45658. மிகச் சரி! ஆனால் அந்த 25569ஐக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். 1900 ஜனவரி 1 முதல் 1970 ஜனவரி 1 வரை உண்மையில் 25567 நாள்தான். எக்செல் பூஜ்யத்தில் தொடங்காமல் ஒன்றில் தொடங்குவதால் ஒன்று கூடுகிறது. மிச்சம் இருக்கும் இன்னொன்று? லோட்டஸின் பொய் நாள்! யூனிக்ஸ் சர்வரிலிருந்து விரிதாளுக்குத் தேதி கொண்டுவரும் ஒவ்வொருவரும் அதையும் சேர்த்தே கூட்டுகிறார்கள்.

பென் டிரைவில் ஒற்றைப்படை விநாடி கிடையாது

பழைய விண்டோஸ் டாஸின் மேல் நின்றது. டாஸ் தேதியை எண்ணிக்கொண்டு போகவில்லை, துண்டு போட்டு அடுக்கியது. 16 பிட்டில் ஒரு தேதி: நாளுக்கு 5, மாதத்துக்கு 4, ஆண்டுக்கு மிச்சம் 7. ஏழு பிட்டில் 128 ஆண்டுகள் அடங்கும். ஐபிஎம் பிசி 1981இல்தான் பிறந்தது. ஆகவே 1980இலிருந்து தொடங்கினால் போதும், 2107 வரை ஓடும்.

நேரத்துக்கும் 16 பிட்தான். மணிக்கு 5, நிமிடத்துக்கு 6 போனால் விநாடிக்கு மிஞ்சுவது 5. ஐந்து பிட்டில் 32 மதிப்புகள்தான் உண்டு, விநாடியோ அறுபது! என்ன செய்தார்கள்? விநாடியைப் பாதியாக்கி வைத்தார்கள். அதனால் FAT32 முறையில் உள்ள பென் டிரைவில் ஒரு கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பாருங்கள். விநாடி எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும்!

1601க்குப் போனவர்கள்

1993இல் வந்த விண்டோஸ் என்டிக்கு இந்தச் சிக்கனம் தேவைப்படவில்லை. 64 பிட்டை எடுத்துக்கொண்டு, ஒரு விநாடியை ஒரு கோடிப் பங்காக நறுக்கி எண்ணியது. அப்படியும் இருபத்தொன்பதாயிரம் ஆண்டுகளுக்கு இடம் இருந்தது. தொடக்கத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற நிலையில் அவர்கள் தேர்ந்தது 1601 ஜனவரி 1.

கிரெகரி நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒரு முறை அப்படியே திரும்பும். அதில் 146097 நாள், சரியாக 20871 வாரம். 1601 முதல் 2000 வரை ஒரு முழுச் சுற்று. சுற்றின் முதல் நாளில் எண்ணத் தொடங்கினால் லீப் விதியின் விலக்குகள் எல்லாம் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. ஒவ்வொரு நான்காண்டுக் கட்டின் கடைசியில் லீப் வருடம், ஒவ்வொரு நூற்றாண்டின் கடைசியில் அதற்கு விலக்கு, நானூறின் கடைசியில் விலக்குக்கு விலக்கு. அடுத்தடுத்து வகுத்துக்கொண்டே போனால் தேதி கையில் வந்துவிடும். 1900 என்ற ஒற்றை ஆண்டு லோட்டஸைக் கவிழ்த்ததே, அது இங்கே ஒரு தொல்லையே இல்லை!

தவறான தேதியே துப்பு

இனி திரையில் ஒரு விசித்திரத் தேதி தென்பட்டால் குழம்ப வேண்டாம். அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கும். 1970 ஜனவரி 1, காலை 5:30 என்றால் யூனிக்ஸ் வழிவந்த ஏதோ ஒன்று பூஜ்யத்தைக் கொடுத்திருக்கிறது. அந்த ஐந்தரை மணி, கிரீன்விச்சுக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். 1980 ஜனவரி 1 என்றால் டாஸ் வழி வந்தது. பழைய கணினியாக இருந்தால் முதலில் கடிகார பேட்டரியைப் பாருங்கள். 1601 என்றால் விண்டோஸில் நேரம் பதிவே ஆகவில்லை. ஒருமுறைகூட உள்நுழையாத பயனரின் கடைசி வருகை இப்படித்தான் தெரியும். 1899 டிசம்பர் 30 என்றால் தேதி இல்லாமல் வெறும் மணி மட்டும் வந்திருக்கிறது.

குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய நாள் ஒன்றும் உண்டு. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07. அடுத்த விநாடியில் 32 பிட் யூனிக்ஸ் எண் நிரம்பி, 1901 டிசம்பருக்குத் தாவிவிடும். இன்றைய பெரிய இயங்குதளங்கள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. கவனம் வேண்டியது, ஒருமுறை பொருத்திவிட்டு யாரும் திறந்தே பார்க்காத பழைய கருவிகளிலும், நேரத்துக்கு 32 பிட் மட்டுமே ஒதுக்கிய கோப்பு வடிவங்களிலும்தான். சோதிப்பது எளிது. தனியாக எடுத்து வைத்த ஒரு கருவியில் கடிகாரத்தை 2038 ஜனவரி 19 காலை 8:43க்குத் தள்ளி வைத்து, இரண்டு நிமிடம் கழித்து ஒரு கோப்பைச் சேமித்துப் பாருங்கள். 1901 என்று வந்தால் எந்தக் கருவியை மாற்ற வேண்டும் என்பது இப்போதே தெரிந்துவிடும்!