சாவி தாமதமானால் எழுதும் கடிதம்

சென்னையில் பெரிய அடுக்குமாடி கட்டி முடிந்தாலும், சி.எம்.டி.ஏ.வின் பணி நிறைவுச் சான்று வராமல் மின், குடிநீர் இணைப்பு கிடைக்காது. அப்போது வீடு வாங்கியவருக்குக் கட்டுநர் எழுதும் கடிதத்தில் “அரசு அனுமதி தாமதம்” என்ற ஒற்றை வரி போதாது.

உதாரணமாக, மார்ச் 10-இல் விண்ணப்பித்தாயிற்று. ஆய்வில் பக்கவாட்டு இடைவெளி குறைவு என்று குறிப்பு வந்தது. திருத்தம் ஏப்ரல் 5-க்குள் முடியும் என்று எழுத வேண்டும். அதன்பின் மறு ஆய்வு. அது அதிகாரிகள் கையில் இருப்பதால், சாவிக்கு ஒரே தேதி சொல்வது வம்பு. “ஏப்ரல் இறுதியில் சான்று வந்தால் மே கடைசியில் சாவி; வராவிட்டால் மே 5-இல் புதுத் தேதி” என்பதே நேர்மை.

ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்பந்தத் தேதி தாண்டியும் காத்திருப்பவர் மாதாமாதம் வட்டி கேட்கலாம்.