அச்சு நிரம்பலைக் கணினியில் உருவகப்படுத்துதல்: நுழைவாய், இணைவுக்கோடு, சிக்கிய காற்று

முன்னுரை

உருகிய பிளாஸ்டிக்கை உயர் அழுத்தத்தில் எஃகு அச்சினுள் செலுத்திப் பொருள்களை வார்க்கும்போது, உருகு நுழையும் வாயின் இடமே அச்சு நிரம்பும் வரிசையைப் பெரிதும் முடிவுசெய்கிறது. எஃகை வெட்டிய பின்னர் அவ்விடத்தை மாற்றுவது செலவு மிக்கது. ஆகவே நிரம்பும் வரிசை முன்னதாகவே கணினியில் உருவகப்படுத்தப்படுகிறது. இதனை ஒரு வட்ட மூடியின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

தடிமனும் ஓட்டமும்

மென்பொருள் அச்சின் உள்வெளியைச் சிறு கூறுகளாகப் பகுத்து, அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கணித்து, உருகின் முகப்பு கணந்தோறும் எங்குள்ளது என வரைகிறது. 100 மி.மீ. விட்டமுள்ள பாலிபுரோப்பிலீன் மூடி ஒன்றின் நடுப்பகுதி 1 மி.மீ., விளிம்பு வளையம் 2 மி.மீ. தடிமன் உடையன எனக் கொள்வோம். பாகுநிலை மாறாத நீர்மம், ஒரே அழுத்தச் சரிவில், இருமடங்கு தடிமனில் 4 மடங்கு வேகமாக ஓடும். பிளாஸ்டிக் உருகின் பாகுநிலையோ விரைவு கூடும்போது குறைகிறது. இக்குறைவைக் காட்டும் அடுக்கெண்ணை மூன்றில் ஒன்று எனக் கொண்டால், வேக வேறுபாடு 16 மடங்காகிறது.

விளிம்பில் நுழைவாய்

நுழைவாய் விளிம்பில் அமைந்தால், உருகு வளையத்தின் வழியே இருபுறமும் விரைந்து சென்று எதிர்ப்பக்கத்தில் சந்திக்கிறது. குளிர்ந்த இரு முகப்புகள் முழுமையாகக் கலவாததால் அங்கு வலுக்குறைந்த இணைவுக்கோடு, அதாவது வெல்ட் லைன், தோன்றுகிறது. அப்போதும் மெல்லிய நடுப்பகுதி முழுதும் நிரம்பியிருக்காது. சூழப்பட்ட காற்று இறுகிச் சூடாகிப் பிளாஸ்டிக்கைக் கருக்கலாம். அல்லது அவ்விடம் நிரம்பாமலே நிற்கலாம். அச்சின் இரு பாதிகள் சேரும் பிரிகோட்டில் ஏறத்தாழ 0.02 மி.மீ. ஆழத்தில் காற்றுப்போக்கிகள் வெட்டப்பட்டிருப்பினும், உள்ளே சிக்கிய காற்று அவற்றை எட்ட இயலாது.

நடுவில் நுழைவாய்

நுழைவாயை நடுவிற்கு மாற்றினால், முகப்பு வட்டமாக விரிந்து விளிம்பை எங்கும் ஏறத்தாழ ஒரே வேளையில் அடைகிறது. காற்று பிரிகோட்டின் வழி வெளியேறுகிறது; இணைவுக்கோடும் தோன்றுவதில்லை. ஆயினும் மூடியின் முகத்தில் நுழைவாயின் தழும்பு எஞ்சும். மூன்று தட்டு அச்சோ, சூடான வழித்தடம் கொண்ட அச்சோ தேவைப்படலாம். மூடியில் துளை இருப்பின், பிளந்த ஓட்டம் துளைக்கு அப்பால் மீண்டும் கூடுவதால் இணைவுக்கோட்டைத் தவிர்க்க இயலாது. நுழைவாயை நகர்த்தி, விசை மிகுதியாகத் தாங்காத பக்கத்திற்கு அதனைத் திருப்பவே இயலும்.

கணிப்பின் வரம்பு

வழக்கமான கணிப்புகள் உள்வெளியிலுள்ள காற்று தடையின்றி வெளியேறுவதாகவே கொள்கின்றன. முகப்புகள் சூழும் இடத்தை அவை காட்டும். அங்குக் கருகல் நேருமா என்பதைக் காட்டா. எனவே செலுத்தும் அளவைப் படிப்படியாகக் குறைத்து வார்த்த அரைகுறைப் பொருள்கள், கணினி வரைந்த முகப்புகளோடு ஒப்பிடப்படுகின்றன. உண்மை முகப்பு விளிம்பில் கணிப்பைவிட முந்திச் சென்றிருந்தால், தடிமனையும் பாகுநிலைத் தரவையும் முதலில் சரிபார்த்தல் வேண்டும்.

முடிவுரை

துளையுள்ள பொருளில் இணைவுக்கோட்டை நீக்கும் நுழைவாய் எதனையும் உருவகப்படுத்துதல் கண்டுதராது. அக்கோடு ஊறு விளைவிக்காத இடத்தையும், காற்று வெளியேறத்தக்க இடத்தையும் எஃகை வெட்டுமுன் தெரிவுசெய்யவே அது துணைபுரிகிறது.